பத்தாயிரத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

பவர் பேங்கின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 10,000 எம்ஏஎச் என்றிருக்கும். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மூன்று விவரங்கள் கிடைக்கும். செல்லின் கொள்ளளவு 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், ஆற்றல் 37 வாட்-மணி, ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ 6,200 எம்ஏஎச், 5 வோல்ட், 2 ஆம்பியர். வாங்குபவர் நம்ப வேண்டியது இந்த ரேட்டட் கெப்பாசிட்டியைத்தான்.

முன்பக்க எண் பொய்யில்லை. அது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. செல் 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது; யூஎஸ்பி துளையிலோ 5 வோல்ட் வெளிவர வேண்டும். 10,000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர்-மணி. அதை 3.7ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. அதையே 5 வோல்ட்டில் சொன்னால் 7,400 எம்ஏஎச். வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட்டில் 10 முதல் 20 சதவீதம் வெப்பமாகப் போகிறது. மேலே சொன்ன 6,200 எம்ஏஎச் என்பது 31 வாட்-மணி, அதாவது 37இல் 84 சதவீதம். ஒழுங்கான தயாரிப்புக்கு இது இயல்பான அளவு.

31 வாட்-மணியில் போன் எத்தனை முறை நிறையும்? 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட்-மணி கொள்ளும். போனுக்குள்ளும் ஓர் இழப்பு உண்டு என்பதால் அதை நிரப்ப 22 வாட்-மணிக்கு மேல் தேவைப்படும். ஆக, ஒன்றேகாலிலிருந்து 1.4 முறை. 10,000ஐ 5,000ஆல் வகுத்து இரண்டு முறை என்று எதிர்பார்த்தவர் நல்ல பொருளைக்கூட மட்டம் என்று ஒதுக்கிவிடுவார்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. 50,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட ஒன்று ரூ.600க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் ரேட்டட் கெப்பாசிட்டியும் இல்லை, வாட்-மணியும் இல்லை. சமையலறைத் தராசில் வைத்தால் 210 கிராம். இந்த ஓர் எடையே போதும். விரல் பருமனுள்ள 18650 வகை உருளைச் செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். அந்த வகையில் நல்லதே சுமார் 3,500 எம்ஏஎச்தான் கொள்ளும். 50,000 எட்ட 15 செல்கள் வேண்டும், செல்களின் எடை மட்டுமே 700 கிராம் ஆகும். நம் கையில் உள்ளதிலோ கூடு, பலகை எல்லாம் 60 கிராம் என்று கழித்தால் மிஞ்சும் 150 கிராமில் மூன்று செல்களுக்குத்தான் இடம். அவை உயர்தரச் செல்களாக இருந்தால்கூட உச்சம் 10,500. மட்டமான செல்கள் ஒவ்வொன்றும் 1,500 என்றால் மொத்தம் 4,500தான், அதாவது சுமார் 17 வாட்-மணி.

எடை சரியாக இருந்தாலும் உடனே நம்பிவிட முடியாது. கனம் காட்ட உள்ளே மணலோ இரும்புத் துண்டோ வைத்து ஒட்டுவதும் உண்டு. எடை குறைவு பொய்யைக் காட்டிக்கொடுக்கும், எடை மிகுதி மெய்யை நிரூபிக்காது. இன்னொரு சிக்கல் விமானத்தில் வரும். 50,000 எம்ஏஎச் என்பது 185 வாட்-மணி. 100 வரை அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடாது. உள்ளே 17 வாட்-மணிதான் இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் அச்சிட்ட எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

விலையையும் வாட்-மணி அளவில் பார்க்க வேண்டும். ரூ.1,100க்கு வாங்கிய 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 31 வாட்-மணி தந்தால், ஒரு வாட்-மணிக்கு சுமார் ரூ.35. அந்த ரூ.600 பவர் பேங்கில் 17 வாட்-மணி இருந்து 13 வெளிவந்தால், ஒரு வாட்-மணிக்கு ரூ.46. மலிவானது எது என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இந்தியாவில் விற்கும் பவர் பேங்கில் பிஐஎஸ் முத்திரையும், ‘ஆர்’ எழுத்துடன் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். BIS Care செயலியில் அந்த எண்ணை இட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்த பிராண்டு, எந்த வகைப் பொருள் என்று வரும். கூட்டில் உள்ள பெயரோடு அது பொருந்தாவிட்டால் எண் இரவல் வாங்கியது. பொருந்தினாலும் அது பாதுகாப்புச் சோதனைக்கான பதிவுதான். 10,000 என்ற கணக்குக்கு உத்தரவாதம் அல்ல.

அதற்கு அளந்துதான் பார்க்க வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றி, சிறிய யூஎஸ்பி மீட்டரையும் ஒரு லோடையும் மாட்டி, கூட்டில் போட்டிருக்கும் அதே 5 வோல்ட், 2 ஆம்பியரில் தானாக அணையும் வரை விட வேண்டும். மீட்டரில் எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட்-மணியைப் படியுங்கள். வேக சார்ஜில் 9 வோல்ட் போகும்போது அதே 31 வாட்-மணி 3,400 எம்ஏஎச் என்று காட்டும். பொருள் கெட்டுவிட்டதாகத் தோன்றும். 5 வோல்ட், 2 ஆம்பியர் சோதனையில் 31க்குப் பதில் 29 வந்தால் கவலையில்லை. புதிதிலேயே 25க்குக் கீழே நின்றால், வாரண்டி இருக்கும்போதே ரசீதோடு கடைக்குப் போக வேண்டும்.