வேலையே பார்த்ததில்லை, கடிதத்தில் என்ன எழுதுவது?

கல்லூரி முடித்த கையோடு அனுப்பப்படும் விண்ணப்பக் கடிதங்களை வரிசையாகப் படித்தால், எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கும். "புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் என் திறமைகளைப் பயன்படுத்தி நானும் வளர்ந்து நிறுவனத்தையும் வளர்க்க விரும்புகிறேன்" என்று தொடங்கும். பிறகு கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்பவர், குழுவோடு ஒத்துப்போகிறவர். கடைசியில் பயோடேட்டா இணைத்திருக்கிறேன் என்று முடியும். இதில் எழுதியவரைப் பற்றி ஒரு சேதிகூடக் கிடையாது.

புராஜெக்ட், இன்பிளான்ட் டிரெயினிங், படித்த பாடங்கள் என மூன்றும் பெரும்பாலோரிடம் இருக்கின்றன. ஆனால் பயோடேட்டாவில் மூன்று தனித்தனித் தலைப்புகளாகக் கிடப்பதை அப்படியே கடிதத்துக்குத் தூக்கி வந்துவிடுகிறார்கள். கடிதம் செய்ய வேண்டிய வேலை வேறு. நிறுவனம் கேட்டிருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதை நோக்கி இந்த மூன்றையும் ஒரே கதையாகக் கோக்க வேண்டும். எப்படி என்று ஒரு கற்பனை விண்ணப்பத்தை வைத்துப் பார்ப்போம்.

மெக்கானிக்கல் முடித்த ஒரு பெண். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் தரப் பிரிவில் டிரெயினி வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும், அளவுக் கருவிகள் பழக்கமாகியிருக்க வேண்டும், காஸ்டிங் ரிஜெக்‌ஷன் ஏன் வருகிறது என்று ஆராயத் தெரிந்தால் நல்லது. இவ்வளவுதான் விளம்பரம். அந்தப் பெண் ஒரு பவுண்டரியில் மூன்று வாரம் டிரெயினிங் போயிருக்கிறார். அங்கே எடுத்த தரவை வைத்தே நால்வர் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்ட் செய்திருக்கிறார்கள்.

அவர் முதலில் எழுதியது இப்படி: "முன்னணி பவுண்டரி ஒன்றில் டிரெயினிங் பெற்றேன். காஸ்டிங் குறைகளைக் குறைப்பது பற்றிய புராஜெக்ட்டை வெற்றிகரமாக முடித்தோம். மெட்ராலஜி பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுள்ளேன்." மூன்றும் உண்மைதான். ஆனால் படிக்கிற தரப் பிரிவு மேலாளருக்கு ஒன்றும் தெரியவராது. அவர் அறிய விரும்புவது, பவுண்டரியில் இந்தப் பெண் நின்று வேடிக்கை பார்த்தாரா, கையால் ஏதாவது செய்தாரா என்பதைத்தான்.

எழுதுவதற்கு முன் அவர் டிரெயினிங் டைரியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதில் இருப்பது: தினமும் கழித்துப் போட்ட பம்ப் கேசிங்குகளை எண்ணி, என்ன குறை என்று எழுதிவைத்திருக்கிறார். 1,240 காஸ்டிங்கில் 96 கழிந்திருக்கின்றன. அந்த 96-இல் 52 புளோ ஹோல், அதாவது வார்க்கும்போது வாயு மாட்டிக்கொண்டு விழும் குழி. மணலில் ஈரம் கூடினால் சூடான உலோகம் பட்டதும் ஆவி கிளம்பும், அது வெளியேற வழியில்லாவிட்டால் இந்தக் குறை வரும் என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வர, மணல் ஈரப்பதப் பதிவேட்டை வாங்கி நாள்வாரியாக ஒப்பிட்டிருக்கிறார். ஈரம் கூடிய நாள்களில்தான் புளோ ஹோலும் கூடியிருக்கிறது. பாடமும் டிரெயினிங்கும் புராஜெக்ட்டும் இந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன. கடிதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், அதன் நடுப்பத்தி சொல்ல வேண்டியதைத் தமிழில் தருகிறேன்:

"காஸ்டிங் ரிஜெக்‌ஷனை ஆராயத் தெரிந்தவரைக் கேட்டிருந்தீர்கள். பவுண்டரி ஒன்றில் மூன்று வாரம் டிரெயினிங் இருந்தபோது, கழிந்த பம்ப் கேசிங்குகளைத் தினமும் குறைவாரியாகப் பதிவு செய்தேன். பாதிக்கு மேல் புளோ ஹோல். மணலின் ஈரப்பதப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, ஈரம் கூடிய நாள்களில் இந்தக் குறை அதிகம் வந்திருந்தது. இதையே நால்வர் புராஜெக்ட்டாக எடுத்தோம். தரவு சேகரித்ததும் பரேட்டோ வரைபடம் போட்டதும் நான். ஷிப்ட் தொடக்கத்தில் மட்டும் பார்க்கும் ஈரப்பதத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்று பரிந்துரைத்தோம். அதை நடைமுறைப்படுத்தி முடிவு பார்க்க எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை."

இதில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். 1,240, 96 என்ற எண்கள் டைரியில் இருந்தும் கடிதத்தில் இல்லை. பவுண்டரியின் பெயரும் இல்லை. ஒரு தொழிற்சாலையின் ரிஜெக்‌ஷன் கணக்கு வெளியே போகக்கூடாத விஷயம். விண்ணப்பம் போகிற பம்ப் கம்பெனி அதே பவுண்டரியிடம் காஸ்டிங் வாங்குகிற வாடிக்கையாளராகவும் இருக்கலாம். கோவையில் இது நடக்காத காரியமில்லை. பயோடேட்டாவில் பவுண்டரியின் பெயர் எப்படியும் வந்துவிடும். அதனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று டிரெயினிங் கொடுத்த சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. "சார், பாதிக்கு மேல் புளோ ஹோல்னு மட்டும் எழுதிக்கலாமா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, அந்த "நான்". நால்வர் புராஜெக்ட்டில் நடு இரவு வரை உட்கார்ந்து எழுதியவர் ஒருவர், பைண்டிங்குக்குப் போனவர் ஒருவர் என்பது நேர்காணல் எடுப்பவர்களுக்குத் தெரியாததல்ல. காசு கொடுத்தால் புராஜெக்ட் செய்து தரும் சென்டர்கள் இருப்பதும் தெரியும். அதனால் "நாங்கள்" என்று மட்டும் எழுதினால் சந்தேகம்தான் வரும். முழுவதையும் "நான்" என்று எழுதினாலோ, அடுத்த வாரம் அதே குழுவிலிருந்து இன்னொருவரும் அப்படியே எழுதி அனுப்பியிருப்பார்.

கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பலருக்குக் கை வராது. "ரிஜெக்‌ஷனை 30 சதவீதம் குறைத்தோம்" என்று போட்டால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றும். மூன்று வாரம் வந்துபோன மாணவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு பவுண்டரி தன் மணல் கலவை முறையை மாற்றியிருக்காது என்று மேலாளருக்குத் தெரியும். எத்தனை காஸ்டிங்கில் பார்த்தீர்கள், அந்த நாள்களில் உலோகத்தின் வெப்பநிலை மாறவில்லையா என்று கேட்பார். பரிந்துரையோடு நின்றது என்று எழுதியவர் நிம்மதியாகப் பதில் சொல்வார்.

பாடத்துக்கு ஒரு வாக்கியம் போதும். அதுவும் பாடத்தின் பெயரோ கிரேடோ அல்ல, கருவி. "மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரும் போர் டயல் கேஜும் பழகியிருக்கிறேன், டிராயிங்கில் கொடுத்த டாலரன்ஸோடு ஒப்பிட்டுப் பாகங்களை ஏற்கலாமா கழிக்கலாமா என்று பிரித்திருக்கிறேன்." விளம்பரத்தில் கேட்ட மீதி இரண்டும் இதில் அடங்கிவிடுகின்றன. தெர்மோடைனமிக்ஸில் வாங்கிய மதிப்பெண் பயோடேட்டாவிலேயே இருக்கட்டும்.

மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு சர்டிபிகேட் வாங்கியதை இன்டர்ன்ஷிப் என்று எழுதுகிறார்கள். வேண்டாம். எத்தனை நாள் என்று எழுதி, அங்கே கண்ட ஒன்றை மட்டும் சொல்லலாம். அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அதை விட்டுவிட்டு, லேபில் நீங்களே செய்த ஒன்றை வைத்துக் கடிதத்தைக் கட்டலாம்.

எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தது என்று மேலே இரண்டு வரி. கீழே, எப்போது வேலையில் சேர முடியும் என்று ஒரு வரி. இமெயிலில் அனுப்பினால் கடிதத்தைத் தனிக் கோப்பாக இணைப்பதோடு நிற்காமல் இமெயிலிலேயே எழுதிவிடலாம். திறந்ததும் கண்ணில் படும்.

இதே பெண் நாளை உற்பத்தித் திட்டமிடல் வேலைக்கு விண்ணப்பித்தால் இந்தப் பத்தியை அப்படியே ஒட்டக்கூடாது. டைரி அதேதான், எடுப்பது வேறு. கழிந்த காஸ்டிங்குகளுக்குப் பதில் மறுபடி வார்க்க வேண்டி வந்ததில் எந்த ஆர்டர் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று அவர் எழுதிவைத்திருந்தால், கடிதம் அங்கிருந்து தொடங்கும். எழுதிவைக்கவில்லை என்றால் ஷிப்ட் சூப்பர்வைசர் காலையில் எதை முதலில் வார்ப்பது என்று எப்படி முடிவு செய்தார், அதில் தான் கவனித்தது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம்.