இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் ஜாக் கெல்லருக்கு மூன்றாம் இடம் என்று நடுவர்கள் அறிவித்தார்கள். பதக்கமும் கொடுத்தாயிற்று. பிறகு ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால், பிரிட்டனின் டொனால்ட் ஃபின்லே அவரை முந்தியிருக்கிறார். கெல்லர் தானே ஃபின்லேயைத் தேடிப்போய்ப் பதக்கத்தை ஒப்படைத்தார்.

அந்த ஃபிலிமை எடுத்தது கிர்பி கேமரா. ஒரு லென்ஸ் முடிவுக்கோட்டையும் இன்னொன்று கடிகாரத்தையும் சேர்த்தே படம் பிடிக்கும். நொடிக்கு 128 படங்கள். அதே ஒலிம்பிக்கின் 100 மீட்டரில் எடி டோலனும் ரால்ஃப் மெட்கஃபும் ஒன்றாக வந்து விழுந்தபோதும் ஃபிலிமைப் பார்த்துத்தான் டோலனுக்குத் தங்கம் என்று தீர்த்தார்கள்.

இன்று பள்ளி விளையாட்டு விழாவில் பி.டி. வாத்தியார் செல்போன் வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்துவதும் இதே வேலைதான். ஆனால் சாதாரண செல்போன் வீடியோவில் நொடிக்கு 30 ஃபிரேம்தான். நொடிக்கு 10 மீட்டர் ஓடுபவர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 செ.மீ. போய்விடுவார், அதாவது சுமார் ஒன்றரைச் சாண். கிர்பி கேமராவில் அது 8 செ.மீ.தான். கோட்டைத் தொடும் கணம் பெரும்பாலும் எந்த ஃபிரேமிலும் இருக்காது.

ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது லேனில் ஒரு பெண், மூன்றாவதில் இன்னொரு பெண். ஒரு ஃபிரேமில் முதல் பெண்ணின் நெஞ்சு கோட்டுக்கு 5 செ.மீ. முன்னால், மற்றவள் 8 செ.மீ. முன்னால். அடுத்த ஃபிரேமில் முதல் பெண் கோட்டைத் தாண்டி 19 செ.மீ., மற்றவள் 20. முதல் ஃபிரேமை மட்டும் பார்ப்பவர் ஒருத்தியை ஜெயிக்க வைப்பார், இரண்டாவதைப் பார்ப்பவர் மற்றவளை. கணக்குப் போட்டால், முதல் பெண் நகர்ந்த 24 செ.மீ.யில் 5 போனதும் கோட்டைத் தொட்டுவிட்டாள். அது ஃபிரேம் இடைவெளியில் 21 சதவீதம். மற்றவளுக்கு 28-இல் 8, அதாவது 29 சதவீதம். ஆகவே முதல் பெண்ணே முன்னால், ஏறக்குறைய 2 செ.மீ. வித்தியாசத்தில்.

அளப்பதற்கு அளவுகோல் கோடே. முறையான முடிவுக்கோட்டின் அகலம் 5 செ.மீ.; அந்தந்த லேனில் கோடு எவ்வளவு தடிமனாகத் தெரிகிறதோ அதை வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் தூரத்து லேனில் அது ஒல்லியாகத் தெரியும். இருந்தும் வெளிச்சம் குறைந்த மாலையில் நெஞ்சின் விளிம்பு சில செ.மீ.க்கு இழுபட்டு மங்கியிருக்கும். அப்படிப்பட்ட படத்தில் 2 செ.மீ. வித்தியாசத்தை நம்பிப் பரிசு கொடுப்பதைவிட, இருவரும் சமம் என்று சொல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. இரண்டு ஃபிரேமிலும் ஒரே ஆள் தெளிவாக முன்னால் இருந்தால் கணக்கே தேவையில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய பிழை கேமரா நிற்கும் இடத்தில் வரும். முதல் லேனிலிருந்து 5 மீட்டர் தள்ளி, ஆனால் கோட்டின் நேரிலிருந்து 30 செ.மீ. அப்பால் விலகி ஒருவர் செல்போன் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் முதல் லேனின் கோட்டை வைத்து நேராகக் கீறிப் பார்த்தால், இன்னும் 5 மீட்டர் தள்ளி ஓடுபவர் கோட்டுக்கு 30 செ.மீ. முன்னாலேயே அதைத் தாண்டிவிட்டதாகத் தெரியும். எத்தனை ஃபிரேம் இருந்தாலும் இது திருந்தாது. முறையான தடங்களில் முடிவுக்கோடும் லேன் கோடுகளும் சந்திக்கும் இடங்களில் கறுப்பு அடித்திருப்பது கேமராவைக் கோட்டுக்கு நேராகப் பொருத்தத்தான்.

பெரிய போட்டிகளின் போட்டோ ஃபினிஷ் கேமராவுக்கு இந்த ஃபிரேம் இடைவெளித் தொல்லை அநேகமாக இல்லை. மைதானத்தை விட்டுவிட்டு, கோட்டை மட்டும் ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்றாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளுக்கு நொடிக்குக் குறைந்தது 1000 கீற்றுகள் வேண்டும் என்பது விதி. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் கிடைக்கும் படத்தில் இடவலமாக இருப்பது தூரம் அல்ல, நேரம். கோட்டின்மேல் ஊன்றிய பாதம் அதில் நீண்டு கோணலாகத் தெரிவது அதனால்தான். 1984-இல் பி.டி. உஷா 55.42 நொடியில் நான்காவதாகி, வெண்கலத்தை 55.41-க்கு இழந்ததை இப்படித்தான் பிரித்தார்கள். செல்போனின் ஒரு ஃபிரேம் இடைவெளிக்குள் அந்த வித்தியாசம் மூன்று முறை அடங்கும்.

தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. உடம்பின் நடுப்பகுதி கோட்டின் தொடக்கப் பக்க விளிம்பை அடைய வேண்டும். சிக்கலும் அங்கேதான். 2012 அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் 100 மீட்டரின் மூன்றாம் இடத்துக்கு ஜெனெபா டார்மோவும் ஆலிசன் ஃபீலிக்ஸும் மோதினார்கள். டார்மோ 11.067, ஃபீலிக்ஸ் 11.068 என்று முதலில் தீர்ப்பு வந்தது. ஆனால் கை மறைத்ததால், டார்மோவின் உடம்பு எங்கே இருந்திருக்கும் என்று படத்தை வாசித்தவர் ஊகித்திருந்தார். மறுபரிசீலனையில் இருவருக்கும் 11.068, சமம் என்றார்கள். சமநிலையைத் தீர்க்க அவர்களிடம் விதியே இல்லை. இருவரும் மறுபடி ஓடுவது என்று முடிவாகி, கடைசியில் டார்மோ விலகிக்கொள்ள, இடம் ஃபீலிக்ஸுக்குப் போனது.