சுவருக்குள் ஒரு குட்டி அடுப்பு இருக்கிறது, தெரியுமா?

டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் 2000க்குப் பிறகு கட்டிய பல வீடுகளில், மாஸ்டர் பெட்ரூம் க்ளோசெட்டைத் திறந்து, தொங்கும் சட்டைகளை ஒதுக்கிப் பாருங்கள். சுவரில் பதித்த ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி தெரியும். வீட்டின் எல்லா அறைகளுக்கும் போகும் நெட்வொர்க் கேபிள்கள் அங்கேதான் கூடுகின்றன. ஃபைபர் கருவியும் பெரும்பாலும் அதற்குள்தான். இடம் இருக்கிறதே என்று ரௌட்டரையும் உள்ளே வைத்துக் கதவை மூடிவிடுகிறோம். அந்தக் கதவுக்குப் பின்னால் எவ்வளவு சூடு ஏறும், தெரியுமா?

கணக்குப் போட்டே பார்க்கலாம்! ரௌட்டர், ஃபைபர் கருவி, ஒரு சிறிய ஸ்விட்ச், அவற்றின் அடாப்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 28 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதுமே கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. பெட்டியின் பின்பக்கமும் பக்கவாட்டும் சுவருக்குள் புதைந்திருப்பதால் அந்தச் சூடு வெளியேற முன்கதவு ஒன்றே பெரிய வழி. 14 அங்குல அகலமும் 28 அங்குல உயரமும் கொண்ட கதவின் பரப்பு கால் சதுர மீட்டர்தான். உள்ளிருக்கும் காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால், அந்தக் கதவு வழியே ஒரு வாட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் வெளியேறும். ஆக 28 வாட்டும் வெளியேற, உள்ளே அறையைவிட சுமார் 24 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும்! ஏசியை 78 ஃபாரன்ஹீட்டில் வைத்திருக்கும் வீட்டிலேயே பெட்டிக்குள் 50 செல்சியஸ், அதாவது 122 ஃபாரன்ஹீட். வீட்டு ரௌட்டர்கள் பலவற்றுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 40 செல்சியஸ்தான். அதுவும் ரௌட்டரைச் சுற்றியுள்ள காற்றின் அளவு. உள்ளே இருக்கும் சில்லுகள் அதைவிட மிக அதிகமான சூட்டில் வேலை செய்கின்றன.

அந்தச் சூட்டில் ரௌட்டர் உடனே செத்துவிடுவதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது! பல ரௌட்டர்களில் சில்லின் சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் செயலியின் வேகம் குறையும். வைஃபை அனுப்பும் பகுதி சக்தியைக் குறைக்கும், சிலவற்றில் ஆன்டெனாக்கள் சிலவற்றையே நிறுத்தும். நமக்குத் தெரிவதெல்லாம் வீடியோ கால் உறைவதுதான். சூடு மேலும் ஏறினால் சில்லு தானே நின்று மறுபடி தொடங்கும். சில வீடுகளில் ரௌட்டர் நன்றாகவே இருக்கும். சூட்டில் தளர்ந்த அடாப்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும், ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

தகரக் கதவு இன்னொரு வேலையும் செய்கிறது. சிக்னலை மறைக்கிறது. சிக்னல் மெலிந்தால் அதே தகவல் மெதுவாகவும் திரும்பத் திரும்பவும் போக வேண்டும். அனுப்பும் பகுதிக்கு ஓய்வு குறைகிறது, சூடு இன்னும் ஏறுகிறது!

பலரை ஏமாற்றுவது ஒன்று உண்டு. ரௌட்டரின் வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் சொருகினால் வேகம் திரும்பிவிடும். ரீஸ்டார்ட்தான் சரிசெய்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பத்து நிமிடத்தில் அது ஆறியிருக்கிறது. மூடிய பெட்டிக்குள் சில மணி நேரத்தில் பழைய கதைதான்.

சூடுதான் காரணமா என்று கண்டுபிடிக்க எதையும் வாங்க வேண்டாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் Uptime என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் தொடாமலேயே, கரண்டும் போகாமலேயே அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பிறகு வேறு எதையும் மாற்றாமல் இரண்டு நாள் கதவைத் திறந்தே வையுங்கள். தானே ரீஸ்டார்ட் ஆவது நின்றால் சூடுதான். திறந்த பிறகும் அதே போல் இருந்தால் லைனையோ அடாப்டரையோ சந்தேகியுங்கள். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரௌட்டர் என்றால், பல மாடல்களில் சூட்டையே கேட்கலாம்:

```
cat /sys/class/thermal/thermal_zone0/temp
```

85000 என்று வந்தால் 85 செல்சியஸ் என்று பொருள்.

பெட்டிக்குள் மின்விசிறி வைத்தால் தீருமா? கதவில் கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி இல்லாவிட்டால் அது சுடுகாற்றையேதான் கிளறும். துளையிட்ட பிளாஸ்டிக் கதவு பொருத்தினால் சூடும் குறையும், சிக்னலும் வெளியே வரும். ஆனால் ஆகச் சிறந்த வழி ஏற்கெனவே உங்கள் சுவருக்குள் ஓடுகிறது! ஃபைபர் கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அதை லிவிங் ரூமுக்குப் போகும் கேபிளில் இணைத்து, ரௌட்டரை அங்கே திறந்த அலமாரியில் வையுங்கள். ஒரு கருவிமேல் இன்னொன்றை அடுக்காதீர்கள். ஆட்டிக்கில் மட்டும் வேண்டவே வேண்டாம், டெக்சாஸ் கோடையில் அது இந்தப் பெட்டியையே மிஞ்சிவிடும்.

ஜூனில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது பலர் ஏசியை 85 ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அன்றே மூடிய பெட்டிக்குள் 53 செல்சியஸை எட்டிவிடும். வீட்டுக் கேமராவை சென்னையிலிருந்து பார்க்கப்போகிறவர்கள், புறப்படும் முன் ரௌட்டரை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்தத் தகரக் கதவையாவது கழற்றிவிட்டுப் போங்கள்.