செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சாகாத பிரிண்டர்

உபுண்டு இயங்குதளத்தில் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் சிலருக்கு அச்சாகவில்லை. கோளாறு பிரிண்டரிலா, டிரைவரிலா, ஓபன் ஆபிஸிலா? ‘அச்சாகவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. 2009-இல் ஒரு பயனர் விசித்திரமான தகவல் ஒன்றைச் சேர்த்தார்: செவ்வாய்க்கிழமைகளில்தான் அச்சாவதில்லை என்று அவருடைய மனைவி கவனித்திருந்தார்.

அது உண்மைதான். அச்சுக்குப் போகும் கோப்பில் அது உருவான தேதியும் இருக்கும். செவ்வாய் என்றால் `Tue` என்று எழுதப்பட்டிருக்கும். கோப்பு எந்த வகை என்று கண்டுபிடித்துச் சொல்லும் `file` என்ற கட்டளையை அந்தக் கோப்பின்மீது ஓட்டியபோது வந்த பதிலில் இது இருந்தது:

```
Erlang JAM file - version 4.2
```

அச்சுக் கோப்பை வேறு ஏதோ கோப்பு என்று அது தவறாக அடையாளம் கண்டிருக்கிறது. அதன் அடையாளப் பட்டியலில் ஒரு தேதி வரியை எழுதிய விதத்தில் பிழை. முழுத் தேதியையும் பார்க்காமல் `Tue` என்பதோடு ஒப்பிடுதல் நின்றுவிட்டது. பழுது இருந்தது பிரிண்டரிலும் இல்லை, ஓபன் ஆபிஸிலும் இல்லை. கிழமையும் திரையில் வந்த வரியும் அப்படியே கிடைத்ததால்தான் தேடல் சரியான இடத்துக்குப் போனது.

கடையின் பில்லிங் மென்பொருளுக்கு வருவோம். “பில் சேவ் ஆகலை, அவசரம்” என்று எழுதினால், உதவிக் குழு திருப்பிக் கேள்வி கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும். அதையே இப்படி எழுதலாம்:

1. புதிய பில் திறந்தேன்.
2. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்தேன்.
3. ஒரு பொருளைச் சேர்த்து ‘Save’ அழுத்தினேன்.

எதிர்பார்த்தது: பில் எண் வர வேண்டும். நடந்தது: `Invalid character in name` என்ற செய்தி வந்தது. பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சேமிக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியம் தேடும் பரப்பைப் பெரிதும் சுருக்கிவிடுகிறது. எப்போது பிழை வருகிறது என்பதோடு, எப்போது வரவில்லை என்பதையும் சோதித்து எழுத வேண்டும். அனுப்புமுன் எழுதிய படிகளை மட்டும் பின்பற்றி ஒருமுறை செய்து பார்த்தால், விட்டுப்போன படி தெரிந்துவிடும்.

பதிப்பை ‘லேட்டஸ்ட்’ என்று எழுதக் கூடாது. இன்றைய லேட்டஸ்ட் அடுத்த வாரம் பழையதாகிவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் ‘About’ பகுதியில் பதிப்பு எண் முழுதாக இருக்கும். இயங்குதளத்தின் பதிப்பையும் அதோடு சேர்க்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டில் பிழைப் பெட்டியை மட்டும் வெட்டியெடுக்காமல் முழுச் சாளரமும் தெரிய வேண்டும். ஆனாலும் பிழைச் செய்தியை எழுத்தாகவும் ஒட்ட வேண்டும். அப்போதுதான் அதே செய்தி வந்த பழைய புகார்களைக் குழுவினர் தேடியெடுக்க முடியும். படத்தில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணோ வங்கிக் கணக்கு எண்ணோ இருந்தால் கறுப்புக் கட்டமிட்டு மறைத்துவிட்டு அனுப்ப வேண்டும்.