யுஎஸ்பி ஜோடிக்கு அடியில் என்ன இருக்கிறது?

மைக்ரோகன்ட்ரோலர் வைத்து நான்கு லேயர் போர்டு வரைபவர்கள் பலர், யுஎஸ்பியின் D+, D- தடங்களுக்கு வந்ததும் நீளத்தைச் சரிக்கட்டுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். குட்டையான தடத்தைப் பாம்புபோல் நெளித்து, மற்றதன் நீளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஃபுல் ஸ்பீடுக்கு அது தேவையே இல்லை.

கணக்கு எளிது. நொடிக்கு 1.2 கோடி பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 83 நானோ நொடி. மின்னழுத்தம் ஏறி முடிக்கவே குறைந்தது 4 நானோ நொடி ஆகும். போர்டின் மேற்பரப்பில் 40 மி.மீ. தடத்தை சிக்னல் கடக்க சுமார் 0.25 நானோ நொடி போதும். தடங்களின் நீளம் 3 மி.மீ. வேறுபட்டால் வரும் தாமதம் 0.02 நானோ நொடிதான். நொடிக்கு 48 கோடி பிட் ஓடும் ஹை ஸ்பீடில் இந்தச் சலுகை கிடையாது.

கவனம் போக வேண்டிய இடம் அடியிலுள்ள கிரவுண்ட் லேயர். D+, D- எப்போதும் எதிரெதிராகவே இயங்குவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் முடிவிலும் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கும். அப்போது மின்னோட்டம் திரும்பிப் போக கிரவுண்ட்தான் வழி. தடத்துக்கு நேர் கீழேயே அது ஓடும். அங்கே ஒரு பிளவு இருந்தால் அதைச் சுற்றிப் போகும். அந்த வளையம் ஆன்டெனாவாகிவிடும். டேட்டா ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும் கதிர்வீச்சுச் சோதனையில் போர்டு தோற்கலாம். பக்கத்தில் ரிலே இயங்கும்போது இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டலாம்.

ஆகவே லேயர் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மேலே சிக்னல், இரண்டாவது முழு கிரவுண்ட், மூன்றாவது பவர், கீழே சிக்னல். 1.6 மி.மீ. போர்டில் முதலிரண்டு லேயர்களுக்கு நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி வருவது வழக்கம். அதற்கு 0.25 முதல் 0.3 மி.மீ. அகலத் தடங்களை 0.2 மி.மீ. தள்ளி ஓட்டினால் 90 ஓமை ஒட்டி வரும். துல்லியமான அகலத்தை போர்டு தயாரிப்பவரின் லேயர் அளவுகளை வைத்துக் கணக்கிடலாம்.

ஜோடியை மேல் லேயரிலேயே முடிப்பது நல்லது. கீழே இறக்கினால் அதற்கு அடுத்திருப்பது பவர் லேயர். திரும்பும் மின்னோட்டம் ஏதாவதொரு கெப்பாசிட்டர் வழியாகத்தான் கிரவுண்டுக்கு வர முடியும். இறக்கியே ஆகவேண்டும் என்றால் மூன்றாவது லேயரையும் கிரவுண்டாக்கி, இறங்கும் இடத்தருகே கிரவுண்ட் வயா ஒன்றைப் போடுங்கள்.

டைப்-சி கனெக்டரில் மட்டும் ஒரு சிக்கல். கால்கள் D-, D+, D-, D+ என்று மாறி மாறி வருவதால் ஒரு தடம் மற்றதைக் கடந்தே ஆகவேண்டும். கனெக்டர் அருகிலேயே இரண்டு வயாக்களும் சில மி.மீ. தடமும் கொண்டு கடந்துவிடுங்கள். இந்த வேகத்தில் அது பாதிக்காது.

போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பும் முன் திரையில் கிரவுண்ட் லேயரையும் இந்த ஜோடியையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். நெருக்கமாக வைத்த வயாக்களின் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடத்துக்கு அடியில் நீண்ட பிளவாகியிருந்தால், அவற்றைத் தள்ளி வைத்து நடுவே செம்பு ஓட வழிவிடுங்கள்.