கட்டாயத்தில் வந்தவர்களிடம் முதல் கால் மணி நேரம்

வட்டார வள மையத்தில் நடக்கும் ஒரு நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் பலர் உத்தரவு வந்ததால்தான் வருகிறார்கள். பாடம் பாக்கி, பதிவேடு பாக்கி. அவர்களை வட்டமாக நிற்க வைத்துக் கைதட்டி விளையாடச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும்.

தேர்ந்த பயிற்றுநர் இப்படித் தொடங்குவார்: "வணக்கம். வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்கன்னு தெரியும். சரியா 4.30க்கு முடிச்சிடுவோம். இப்போ பக்கத்துல இருக்கிறவரோட மூணு நிமிஷம் பேசுங்க. உங்க வகுப்புல வாசிக்கத் தடுமாறுற ஒரு பிள்ளை எந்த இடத்துல நிக்குது?"

கேள்வியின் குறுகலில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்டால் மௌனமோ இடமாறுதல் குறையோதான் வரும். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச எந்த ஆசிரியருக்கும் விஷயம் இருக்கும்; இருவர் மட்டும் பேசுவதால் கூச்சமும் இல்லை.

பிறகு இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வராகி, குழுவுக்கு ஒரு சிக்கலைச் சொல்வார்கள். "கொம்பும் காலும் சேர்ந்து வந்தா திணறுது" என்று ஒருவர் சொன்னால், பயிற்றுநர் அதே சொற்களில் சார்ட்டில் எழுதுவார். அன்று எடுக்கக்கூடியவற்றுக்கு டிக் போடுவார். மற்றதற்கு, "இது இன்னைக்கு முடியாது" என்று நேராகவே சொல்வார்.

டிக் போட்டதில் ஒன்றையாவது தேநீர் இடைவேளைக்குள் எடுத்தாக வேண்டும். தவறினால், மதியத்துக்குப் பின் பின்வரிசை நாற்காலிகள் காலியாகிவிடும்.