எழுத்து பெரிதானால் மட்டும் போதாது: பார்வை மங்கியவர்களுக்கு பிரவுசரைச் சீரமைக்கும் முறை

வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் கணினியில் செய்தி படிக்கச் சிரமப்பட்டால், நாம் Ctrl விசையோடு கூட்டல் குறியை நாலைந்து தடவை தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதி உதவிதான். ஜூம், குறைந்தபட்ச எழுத்தளவு, கான்ட்ராஸ்ட் என்ற மூன்றையும் இதே வரிசையில் அமைத்தால்தான் அவரால் தொடர்ந்து படிக்க முடியும்.

விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்ட என் பெரியப்பாவின் மடிக்கணினியையே எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் 1366 பிக்சல், பிரவுசர் குரோம். அவர் படிக்கும் செய்தித் தளத்தில் தலைப்பு 36 பிக்சல், செய்தி 14, படத்தின் கீழே உள்ள வரி 11. ஜூமை 200 சதவீதமாக்கினால் அவை 72, 28, 22 ஆகிவிடும். தலைப்பே திரையை அடைத்துக்கொள்ளும். பக்கத்துக்குக் கிடைக்கும் இடமும் பாதியாகச் சுருங்கும். சில தளங்கள் அதற்கேற்ப வரிகளை மடித்துக்கொள்ளும். மற்றவற்றில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். "எழுத்து பெருசாத்தான் இருக்கு. அடுத்த வரி எங்கன்னுதான் தெரியலப்பா" என்றார் பெரியப்பா. பக்கவாட்டில் நகர்த்த வேண்டி வந்தாலே ஜூம் கூடிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் ஜூமை அளவோடு நிறுத்த வேண்டும். குரோமின் Settings பக்கத்தில் Appearance பகுதிக்குப் போனால் Page zoom இருக்கும். அங்கே 150 சதவீதம் வைத்தோம். தலைப்பு 54, செய்தி 21 ஆயின. ஆனால் படத்தின் கீழுள்ள வரி 16.5-இலேயே நின்றது. அதைத் தூக்கிவிடத்தான் குறைந்தபட்ச எழுத்தளவு. அதே பகுதியில் Customize fonts என்பதைத் திறந்து, Minimum font size-ஐ 22-க்கு நகர்த்தினோம். செய்தியும் படவரியும் 22-க்கு வந்தன. ஏற்கெனவே பெரிதாக இருந்த தலைப்பு அப்படியே இருந்தது. ஜூம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். இது சிறிய எழுத்தை மட்டும் உயர்த்தும்.

எந்த அளவு சரி என்பதை அவரைப் படிக்கச் சொல்லியே முடிவு செய்யுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிற அளவு, ஒரு கட்டுரையைத் தொடர்ந்து படிக்கப் போதாது. ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு தேவைப்படும். சோதனைக்குத் தமிழ்ப் பத்தியே நல்லது. 'ன', 'ண' வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் தடுமாறாமல் தெரிந்தால் அளவு சரி. ஃபயர்ஃபாக்ஸில் குறைந்தபட்ச அளவை மொழிவாரியாக அமைக்க வேண்டும். Fonts பகுதியின் Advanced பெட்டியில் Latin-க்கு மட்டும் மாற்றினால் தமிழ்ப் பக்கங்கள் பழைய அளவிலேயே இருக்கலாம். Tamil-ஐத் தேர்ந்தெடுத்தும் மாற்றுங்கள்.

மூன்றாவது கான்ட்ராஸ்ட். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கிய கண்ணுக்கு அது பிடிபடாது. விண்டோஸ் 11-இல் Settings, Accessibility, Contrast themes என்று போய் ஒரு தீமைத் தேர்ந்தெடுத்தால், குரோமும் அந்த நிறங்களுக்கு மாறிவிடும். வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தால் கறுப்புப் பின்னணி கொண்ட Night sky பொருந்தும். இல்லையென்றால் வெளிர் பின்னணி கொண்ட Desert. ஒரே பத்தியை இரண்டிலும் படிக்கவிட்டு அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்க Alt, இடப்பக்க Shift, Print Screen மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்த நிறமாற்றம் வரும். மறுபடி அழுத்தினால் போகும். கறுப்பில் வரைந்த சின்னங்கள் கறுப்புப் பின்னணியில் காணாமல் போகும்போது இது கைகொடுக்கும்.

சில தளங்கள் இந்த மாற்றங்களுக்கு ஒத்துவராது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, பட்டனுக்குள் பாதிச் சொல் வெட்டுப்பட்டாலோ, குறைந்தபட்ச அளவை 20-க்கு இறக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு தளத்தில் மட்டும் ஜூம் இடைஞ்சலாக இருந்தால், அங்கே Ctrl விசையோடு கழித்தல் குறியை அழுத்துங்கள். குரோம் அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். முன்பு தனியாக ஜூம் செய்த தளங்கள் புதிய பொது அளவுக்கு மாறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே Ctrl-ஐயும் பூஜ்யத்தையும் அழுத்தினால் பொது அளவுக்குத் திரும்பிவிடும். படமாகப் போடப்பட்ட அறிவிப்புகளும் கேப்சா எழுத்துகளும் குறைந்தபட்ச எழுத்தளவுக்குக் கட்டுப்படாது. அவற்றுக்கு ஜூம் ஒன்றுதான் வழி.

எல்லாம் அமைத்த பிறகு, அவர் வழக்கமாகப் பார்க்கும் செய்தித் தளம், வங்கித் தளம், மின்னஞ்சல் மூன்றையும் அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் நாற்காலியில், அவர் உட்காரும் தூரத்தில், அவர் கண்ணுக்குச் சரியாக இருந்தால்தான் அந்த அமைப்பு சரி.